மெனு ஒரு மொழி, குரல் ஒரு மொழி

சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் பெட்டியில் பெரும்பாலும் ஒரு லேப்டாப்பும் இருக்கும். அங்கே கடையில் வாங்கியது. விலையும் பரவாயில்லை, கிராபிக்ஸ் கார்டும் நல்லது. ஆனால் அங்கே விற்கும் பல லேப்டாப்களில் விண்டோஸின் சீனாவுக்கான ‘ஹோம்’ பதிப்பு போடப்பட்டிருக்கும். அந்தப் பதிப்பில் திரை மொழியைச் சீனத்திலிருந்து வேறொன்றாக மாற்ற விண்டோஸ் சாதாரணமாக இடம் தராது. அதன் மேல் ஸ்டீமை நிறுவினால், ஸ்டீம் விண்டோஸின் மொழியைப் பார்த்துத் தானும் சீனத்தில் எழுந்து நிற்கும். ஸ்டீம் வழியாக இறக்கிய கேமும் சீனத்தில் பேசும். ரஷ்யாவிலிருந்து வந்த லேப்டாப் என்றால் இதே கதை ரஷ்ய எழுத்தில் நடக்கும்.

வீட்டிலுள்ள தம்பி, தங்கைகளுக்குக் கை மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. “மொழிய மாத்தணும்” என்று தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மாற்ற வேண்டிய இடம் ஒன்றல்ல, மூன்று என்பதுதான். ஸ்டீமின் மெனு எந்த மொழியில் இருக்கிறது என்பது ஒன்று. கேமுக்குள் திரையில் தெரியும் எழுத்து எந்த மொழி என்பது இன்னொன்று. பாத்திரங்கள் பேசும் குரல் மூன்றாவது. இந்த மூன்றும் வெவ்வேறு இடத்தில் பதிவாகின்றன. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. அதே நேரம், டேட்டாவைத் தின்பது இந்த மூன்றில் குரல் மட்டும்தான்.

ஸ்டீம் என்பது லாஞ்சர். கேமை வாங்கவும் இறக்கவும் புதுப்பிக்கவும் தொடங்கவும் உதவும் மென்பொருள். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களில் இதைத் தொடாதவர் குறைவு. அதனால் அதையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

எழுத்தைப் படிக்காமல் வழி பிடிப்பது

படிக்கத் தெரியாத மெனுவில் நமக்குக் கைகொடுப்பது இடமும் வரிசையும்தான். மொழி மாறினாலும் மெனுவின் அமைப்பு மாறுவதில்லை. ஸ்டீம் ஜன்னலின் இடது மேல் மூலையில் ‘Steam’ என்ற சொல் எந்த மொழியிலும் அப்படியே இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் இறங்கும். அதில் கடைசி வரி வெளியேறுவதற்கு. அதற்கு நேர் மேலே உள்ள வரிதான் அமைப்புகள். சீனத்தில் அது `设置` என்றும், ரஷ்ய மொழியில் `Настройки` என்றும் இருக்கும்.

அமைப்புகள் ஜன்னலில் இடப்பக்கம் ஒரு நீண்ட பட்டியல். அதில் நமக்கு வேண்டியது ‘இன்டர்ஃபேஸ்’ பக்கம். சீனத்தில் `界面`, ரஷ்ய மொழியில் `Интерфейс`. எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சிரமமாக இருந்தால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்துகொண்டே போகலாம், பார்ப்பதால் எதுவும் கெட்டுவிடாது. மேல்வரிசையில் கீழிறங்கும் பெட்டி ஒன்று இருந்து, அதைத் திறந்ததும் ஏகப்பட்ட மொழிப் பெயர்கள் வரிசையாக வந்தால் அதுதான் நாம் தேடிய இடம். அந்தப் பட்டியலில் ஆங்கிலம் ‘English’ என்றே எழுதப்பட்டிருக்கும். வந்திருப்பவருக்குத் தன் மொழியின் பெயர் தன் எழுத்திலேயே கண்ணில் பட வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எல்லா மென்பொருளும் இந்த மரியாதையைத் தருவதில்லை.

‘English’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்டீமை மறுபடி தொடங்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். சரி என்றால் ஸ்டீம் மூடி, திறந்து, ஆங்கிலத்தில் வரும்.

மெனுவுக்குள் நுழையவே மனம் வரவில்லை என்பவர்களுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. விண்டோஸில் ஸ்டீம் தன் மெனு மொழியை ரிஜிஸ்ட்ரியில் ஒரே சொல்லாகக் குறித்து வைத்திருக்கிறது. அந்தச் சொல்லை மாற்றினால் போதும். முதலில் ஸ்டீமை முழுதாக நிறுத்த வேண்டும். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல் மறையுமே தவிர, ஸ்டீம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேலே சொன்ன பட்டியலின் கடைசி வரியை அழுத்தினால்தான் உண்மையில் நிற்கும். நின்ற பிறகு விண்டோஸ் கீயோடு R அழுத்தி, `cmd` என்று தட்டி, வரும் கறுப்பு ஜன்னலில் இதை இட வேண்டும்:

```
reg add "HKCU\Software\Valve\Steam" /v Language /t REG_SZ /d english /f
```

ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கும்போது இட்டால், அது தன் பழைய மொழியையே அங்கே திரும்ப எழுதிவிடக்கூடும். “போட்டேன், மாறல” என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குரல் மட்டும் ஏன் தனியாக இறங்குகிறது

மெனு ஆங்கிலமாகிவிட்டது. கேமைத் திறந்தால் இன்னும் சீனம்தான். இங்கேதான் பலரும் ஸ்டீமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவி ஒரு நாளை வீணாக்குகிறார்கள். கேமின் மொழி ஸ்டீமின் மொழி அல்ல என்பதோடு, கேமின் மொழிக் கோப்புகள் வட்டில் இருக்கின்றனவா என்பதும் தனிக் கேள்வி.

ஸ்டீமில் ஒரு கேம் ஒரே மூட்டையாக வைக்கப்படுவதில்லை. பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தத் துண்டுக்கு ‘டெப்போ’ என்று பெயர். படம், வரைபடம், நிரல் போன்று எல்லாருக்கும் பொதுவானவை ஒரு பக்கம். மொழிக்கு மொழி மாறுபவை தனித்தனி டெப்போக்களில். ஒவ்வொரு மொழி டெப்போவின் மேலும் ‘இது ஆங்கிலம்’, ‘இது போலிஷ்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். நீங்கள் எந்த மொழியைக் கேட்கிறீர்களோ, அந்தச் சீட்டு உள்ளது மட்டும் இறங்கும். நாம் ‘லாங்குவேஜ் பேக்’ என்று சொல்வது இதைத்தான்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு பெரிய கேமின் வசனம், குறிப்பு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் ஆங்கிலச் சொற்கள் என்றே வைத்துக்கொள்வோம். சொல்லுக்கு ஆறு எழுத்து என்றால் மொத்தம் சுமார் 6 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சின்ன வீடியோ அளவு. அதனால் பத்து மொழிகளின் எழுத்தையும் எல்லாருக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாம், யாருக்கும் பாரமில்லை. குரல் அப்படியல்ல. நொடிக்கு 96 கிலோபிட் என்ற சுமாரான தரத்தில் அழுத்தி வைத்தாலும் ஒரு மணி நேரப் பேச்சு 43 எம்பி பிடிக்கும். நூறு மணி நேரப் பேச்சு என்றால் 4.3 ஜிபி. பத்து மொழிக்கும் கொடுத்தால் 43 ஜிபி. அதில் ஒன்பது பங்கை நீங்கள் ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

வீட்டில் 40 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் இருந்தால் அந்த 4.3 ஜிபி கால் மணி நேரத்தில் வந்துவிடும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் செல்போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குகிறவருக்கு அதுவே மூன்று நாள் வேலை. அதனால் குரலும் மாற வேண்டுமா, எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் போதுமா என்பதை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. மூலமொழிக் குரலில் ஆங்கில எழுத்தோடு ஆடுவதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறவர்களும் நிறைய உண்டு. ஜப்பானிய கேம்களை ஜப்பானியக் குரலில்தான் ஆட வேண்டும் என்பது என் சொந்தக் கட்சியும்கூட.

ஒரு கேமில் எந்த மொழி எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை ஸ்டீம் கடையின் அந்த கேமுக்கான பக்கத்திலேயே பார்த்துவிடலாம். வலப்பக்கம் கொஞ்சம் கீழே போனால் மொழி அட்டவணை வரும். ஒவ்வொரு மொழிக்கும் எதிரில் மூன்று கட்டங்கள்: `Interface`, `Full Audio`, `Subtitles`. முதலாவது மெனு, இரண்டாவது குரல், மூன்றாவது வசன எழுத்து. நடுக்கட்டத்தில் சரிக்குறி இல்லாவிட்டால் அந்த மொழியில் குரல் கிடையாது. இல்லாததை எத்தனை முறை இறக்கினாலும் வராது.

ஒரு தொலைபேசி உரையாடலும் விட்சர் 3-ம்

‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015-ல் வெளியிட்ட கேம். மொழி விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். எழுத்தும் குரலும் இதில் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும்படி அமைந்தவை. குரல் பல மொழிகளில் உண்டு. 2022 டிசம்பரில் வந்த பெரிய இலவசப் புதுப்பிப்பில் சீனக் குரலும் கொரியக் குரலும் சேர்ந்தன. ஆகவே ஸ்டீம் சீனத்தில் இருக்கும்போது இதை நிறுவினால், எழுத்து முதல் பேச்சு வரை சீனமே வரும்.

படிப்பு முடித்து வந்த அண்ணன் இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஊரில் தம்பியிடம். அண்ணனுக்குச் சீனம் படிக்க வரும்; ஆனால் போனில் எழுத்தை எப்படிக் காட்டுவது?

“அண்ணே, எல்லாமே கட்டம் கட்டமா இருக்கு. எதத் தொடுறதுன்னே தெரியல.”

“எழுத்தப் பாக்காதடா. இடது பக்கம் கேம் பேரு வரிசையா இருக்குல்ல, விட்சர் மேல ரைட் கிளிக் பண்ணு. வர்ற லிஸ்ட்ல ஆகக் கடைசி.”

“தொட்டுட்டேன். புது ஜன்னல் வந்துருக்கு.”

“முதல் பக்கமேதான். அதுல மொழிக்கு ஒரு பெட்டி இருக்கும், தொறந்து பாரு. ‘இங்கிலீஷ்’னு இங்கிலீஷ்லயே போட்டுருக்கும்.”

அண்ணன் சொன்ன கடைசி வரி `Properties`, சீனத்தில் `属性`. திறப்பது `General` பக்கம். மொழிப் பெட்டி அங்கேயே இருக்கும். பழைய ஸ்டீமில் மொழிக்கென்று தனிப் பக்கம் இருந்தது, 2023-ல் முகப்பை மாற்றியபோது இந்தப் பக்கத்துக்குள் வந்துவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துத் தேடுகிறவர்கள் ‘லாங்குவேஜ் டேப் காணோம்’ என்று திகைப்பது இதனால்தான்.

மொழியை மாற்றி அந்த ஜன்னலை மூடியதும் பார்க்க வேண்டிய இடம் ஸ்டீமின் அடிப்பகுதி. அங்கே டவுன்லோடு ஓடத் தொடங்கினால் குரல் பேக் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டையை அழுத்தினால் எவ்வளவு ஜிபி, எவ்வளவு வந்திருக்கிறது என்பது தெரியும். அளவு தெரிந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி, மறுநாள் தொடர்ந்தாலும் வந்தவரை வந்தது வந்ததுதான், முதலிலிருந்து இறங்காது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். புதிய மொழி வந்ததும் பழைய மொழியின் டெப்போவை ஸ்டீம் வழக்கமாக அழித்துவிடும். சீனக் குரல் போய் ஆங்கிலக் குரல் வரும். நாளைக்கு ‘சும்மா சீனத்துல கேட்டுப் பாக்கலாமே’ என்று திருப்பினால், மறுபடி அத்தனை ஜிபியும் இறங்கும். இரண்டு குரலையும் ஒன்றாக வைத்துக்கொள்ள இந்த முறையில் வழி இல்லை. சில கேம்கள் மட்டும் குரல் பேக்கை இலவச டிஎல்சியாகத் தருகின்றன. அவற்றுக்கு அதே `Properties` ஜன்னலின் `DLC` பக்கத்தில் டிக் அடித்து வேண்டியதை வேண்டியபோது வைத்துக்கொள்ளலாம்.

இறங்கி முடிந்தது. தம்பி கேமைத் திறக்கிறான். இன்னும் மெனு சீனம்!

பயப்பட வேண்டாம், இது தவறல்ல. விட்சர் 3 தன் அமைப்புகளை விண்டோஸின் ‘டாக்குமென்ட்ஸ்’ அடைவில் `The Witcher 3` என்ற இடத்தில் `user.settings` என்ற கோப்பில் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. முதல் முறை சீனத்தில் திறந்தபோது எழுதியது அங்கே அப்படியே இருக்கும். ஸ்டீம் சொன்னதை இப்படி முதல் முறை மட்டும் கேட்டுக்கொண்டு, அப்புறம் தன் குறிப்பையே நம்பும் கேம்கள் பல. கேமின் முதன்மை மெனுவில் `选项` என்ற வரி, அதற்குள் `语言` என்ற வரி. முதலாவது அமைப்புகள், இரண்டாவது மொழி. அதற்குள் எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றாக மாற்றி வெளியே வந்தால் எழுத்தும் பேச்சும் ஆங்கிலமாகிவிடும்.

இதற்குள்ளும் வழி தெரியாமல் போனால், கேமை மூடிவிட்டு அந்த `user.settings` கோப்பின் பெயரை வேறாக மாற்றி வைக்கலாம். அடுத்த முறை கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். கிராபிக்ஸ், ஒலி அளவு போன்ற மற்ற அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும் என்பதுதான் இதன் விலை. அதனால் இது கடைசி வழியாக இருக்கட்டும்.

வந்துவிட்டதா, வரவில்லையா

பேக் உண்மையிலேயே வட்டில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க விட்சர் 3 நல்ல வசதி தருகிறது. கேம் நிறுவிய அடைவில் `content` என்ற அடைவும், அதற்குள் `content0` என்ற அடைவும் இருக்கும். அங்கே `en.w3strings` என்று ஒரு கோப்பு: ஆங்கில எழுத்து. `enpc.w3speech` என்று இன்னொன்று: ஆங்கிலக் குரல். முன்னால் உள்ள இரண்டு எழுத்து மொழியின் குறி. போலிஷ் என்றால் `pl`. இரண்டு கோப்பின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேலே போட்ட கணக்கு அங்கே கண்ணெதிரே நிற்கும். ‘ஸ்பீச்’ கோப்பு இல்லை என்றால் குரல் இறங்கவில்லை. வேறு விளக்கம் தேவையில்லை.

எல்லா கேம்களுக்கும் பொதுவான சான்று ஒன்று வேண்டுமானால், ஸ்டீமின் `steamapps` அடைவைத் திறக்கலாம். ஒவ்வொரு கேமுக்கும் அங்கே ஒரு குறிப்புக் கோப்பு உண்டு. விட்சர் 3-க்கு `appmanifest_292030.acf`. அந்த எண் கடைப் பக்கத்தின் முகவரியில் இருப்பதேதான். நோட்பேடில் திறந்தால் இடையில் இப்படி இருக்கும்:

```
"UserConfig"
{
    "language"    "schinese"
}
```

ஸ்டீமின் அகராதியில் `schinese` என்பது எளிமையாக்கிய சீனம். `UserConfig` என்பது நீங்கள் கேட்ட மொழி. அதே கோப்பில் `MountedConfig` என்று இன்னொரு பகுதி இருக்கும். அது இப்போது வட்டில் ஏற்றப்பட்டிருக்கும் மொழி. முதலாவதில் `english`, இரண்டாவதில் `schinese` என்றிருந்தால் கேட்டது பதிவாகியிருக்கிறது, டவுன்லோடு முடியவில்லை. இரண்டிலும் `english` என்றிருந்தும் கேம் சீனத்தில் பேசினால் குற்றம் ஸ்டீம் பக்கம் இல்லை, கேமின் சொந்த அமைப்பில். இந்தக் கோப்பைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கையால் திருத்தினால் ஸ்டீம் குழம்பி முழு கேமையும் சரிபார்க்கத் தொடங்கிவிடலாம்.

மற்றபடி, அறிகுறியை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். பாத்திரத்தின் வாய் அசைகிறது, பின்னணி இசையும் கேட்கிறது, பேச்சு மட்டும் இல்லை என்றால் குரல் கோப்பு இல்லை அல்லது பாதியில் நின்றிருக்கிறது. `Properties` ஜன்னலில் `Installed Files` பக்கத்துக்குப் போய் `Verify integrity of game files` என்பதை அழுத்தினால், ஸ்டீம் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்துக் குறைந்ததை மட்டும் இறக்கும். எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்கள் தெரிந்தால் அந்த எழுத்துரு கேமில் இல்லை. பழைய ஜப்பானிய, ரஷ்ய கேம்களில் புரியாத குறிகளும் கேள்விக்குறிகளும் கலந்து வந்தால் அது விண்டோஸ் விவகாரம். யூனிகோடுக்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட கேம்கள் அவை. விண்டோஸின் `Region` அமைப்பில் `Administrative` பக்கத்தில் `Change system locale` என்பதை அந்த நாட்டுக்கு மாற்றினால் எழுத்து ஒழுங்காக வரும். ஆடி முடித்ததும் பழையபடி வைத்துவிடலாம்.

மொழிப் பெட்டியே இல்லாத கேம்களும் உண்டு. ஒரே மொழியில் வந்தவை சில. எல்லா மொழி எழுத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டு, தேர்வைக் கேமுக்குள் வைத்தவை சில. பெட்டி இருந்தும் மாற்றியபோது எதுவும் இறங்கவில்லை என்றால் அதுவும் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. குரல் ஒரே மொழிதான், எழுத்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

உண்மையில் தீர்வே இல்லாத நிலைமை ஒன்று உண்டு. விலை மலிவு என்று ரஷ்யா போன்ற பகுதிகளுக்கான கீயைத் தெரியாத கடையில் வாங்கியவர்களுக்கு வருவது. சில வெளியீட்டாளர்கள் அந்தப் பகுதிகளில் விலையைக் குறைத்து விற்றபோது, அந்தச் சலுகை வெளியே கசியாமலிருக்க ரஷ்ய மொழியை மட்டும் வைத்து விற்றார்கள். அப்படிப்பட்ட கீயைப் போட்டால் மொழிப் பெட்டியில் ஆங்கிலம் வரவே வராது. உங்கள் கணக்குக்கு அந்த டெப்போவின் உரிமையே இல்லை. இதைச் சரிசெய்வதாகச் சொல்லி இணையத்தில் ‘இங்கிலீஷ் பேட்ச்’ என்ற பெயரில் கிடைக்கும் கோப்புகளில் கை வைக்காதீர்கள். நிர்வாகி அனுமதி கேட்கும் தெரியாத ஒரு `.exe` கோப்புக்கு ஆங்கில வசனத்தைவிட உங்கள் ஸ்டீம் பாஸ்வேர்டில் ஆர்வம் அதிகமாக இருக்கலாம்.

மற்ற லாஞ்சர்களில் இடம் மாறுமே தவிர விஷயம் இதேதான். பேட்டில்நெட்டில் விளையாடும் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறிக்குள், எழுத்து மொழியும் பேச்சு மொழியும் தனித்தனியாகவே கேட்கப்படும். இதில் ஸ்டீமைவிட அது தெளிவு. ‘கென்ஷின் இம்பாக்ட்’ கேமில் தேர்வு கேமுக்குள்ளேயே இருக்கிறது. சீனம், ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம் என்று நான்கு குரல்கள். எழுத்து மொழிகள் அதைவிட மிக அதிகம். புதுக் குரலைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பேக்கை இறக்கச் சொல்லும். அங்கே பழையது தானாகப் போகாது. இடம் குறைந்தால் மொழி அமைப்பிலுள்ள குரல் கோப்பு மேலாண்மைக்குப் போய் நாமே நீக்க வேண்டும்.

இத்தனை மொழிப் பட்டியல்களையும் மேலும் கீழும் உருட்டும்போது தமிழ் எங்கே என்ற எண்ணம் வராமலிருக்காது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் இருக்கிறது. முதல் திரையில் உலக உருண்டைப் படம் போட்ட சின்னப் பட்டன், அதற்குள் நீளமான பட்டியலில் ‘தமிழ் (இந்தியா)’. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. மொழிபெயர்ப்பு நூறு சதவீதம் சரியாக இருக்காது என்ற எச்சரிக்கையும் அந்தத் திரையிலேயே உண்டு. மைன்கிராஃப்டில் வசனக் குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான். தன்னார்வலர்களால் அதைச் சமாளிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய கேம்களில் தமிழ் வராததற்குப் பணம் முதல் காரணம் என்றால், தொழில்நுட்பம் அடுத்தது. ‘கொ’ என்று எழுத, மெய்யின் இரு பக்கமும் குறி விழ வேண்டும். கணினிக்குள் அது க என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் வரும் ஓர் உயிர்க்குறியும்தான். எதை முன்னால் நகர்த்த வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்று கணக்கிடும் பகுதி பல கேம் எஞ்சின்களின் எழுத்து வரையும் கருவியில் தானாக இருப்பதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கொம்பு தப்பான எழுத்தின் பக்கத்தில் போய் நிற்கும். இது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. தீர்க்கும் நூலகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்கிறவர்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

பணம் கொடுத்து வாங்கிய பிறகுதான் நீங்கள் எதிர்பார்த்த மொழி இல்லை என்று தெரிகிறதா? ஸ்டீம் கடையிலேயே நேரடியாக வாங்கியதென்றால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். காரணம் எதுவானாலும் சரி. மெனுவில் மொழியைத் தேடி அலையும் நேரமும், கேம் திறந்திருக்கும் வரை, அந்த இரண்டு மணி நேரக் கணக்கில்தான் சேரும். ஆகவே கேமை மூடிவிட்டுத் தேடுங்கள்.